சக ஊழியரின் அப்பா இறந்துவிட்டால் என்ன எழுதி அனுப்புவது? இரங்கல் செய்திக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு வரி வருகிறது, அக்கவுண்ட்ஸ் அக்காவோட அப்பா நேத்து ராத்திரி தவறிட்டாராம் என்று. பத்தே நிமிடத்தில் அதற்குக் கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஓம் சாந்தி’, ‘ஆர்ஐபி’ என்று வரிசை கட்டிவிடும், நடுவே கைகூப்பிய படங்கள். உங்களுக்கும் ஏதாவது எழுத வேண்டும், அவரிடம் தனியாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆனால் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் ஒன்று மேலதிகாரிக்கு எழுதும் கடிதம் மாதிரி வருகிறது, இல்லையென்றால் சொந்த சித்தப்பா போன மாதிரி அழுது வடிகிறது.

சக ஊழியர் என்பது அப்படி ஒரு உறவு. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருப்பவர், மதியம் அவர் டப்பாவில் இருந்து பொரியல் எடுத்துச் சாப்பிட்டிருப்போம், ஆனால் அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. அவர் அப்பாவை ஒன்றிரண்டு முறை பார்த்திருப்போம், அல்லது பார்த்ததே இருக்காது. அதனால் இந்தச் செய்தியில் கனிவும் வேண்டும், ஒரு அளவும் வேண்டும். இரண்டையும் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அந்த மனிதருக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், சொன்னதும் நிறுத்திவிடுங்கள். கனிவு அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது, அளவு நிறுத்துவதில் இருக்கிறது. கீழே எல்லாமே இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போகலாம். உங்களை விட நாலைந்து வயது மூத்தவர், நீங்கள் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவர், அக்கவுண்ட்ஸ் பிரிவில் உங்கள் பக்கத்து இருக்கை. அவர் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும் என்பதால் அந்த வாரம் அக்கா கிளம்ப இரவாகிவிடும், அப்போதெல்லாம் அப்பா பழைய டிவிஎஸ் 50-இல் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார், உள்ளே வந்து உட்காருங்கள் என்று வாட்ச்மேன் சொன்னாலும் வர மாட்டார். உங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். செய்தி வந்தது 14-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், எழுதுவதற்கு முன்னால்

செய்தியை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குழுவில் வருகிற ‘அப்பா’ பல நேரம் மாமனாராக இருக்கும், பெரியப்பாவாக இருக்கும், சில நேரம் ‘சீரியஸ்’ என்ற செய்திதான் கைமாறிக் கைமாறி வேறாகி வந்திருக்கும். அக்காவிடமே கேட்கக் கூடாது. குழுவில் முதலில் போட்டவரிடமோ, அக்கா வீட்டோடு பழகுகிற இன்னொரு ஊழியரிடமோ இரண்டு விஷயம் கேளுங்கள்: யார் இறந்தது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். இரண்டாவது கேள்வி ஏன் என்றால், நீங்கள் நேரில் போகப் போகிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து செய்தியே மாறும். போகிறீர்கள் என்றால் செய்தி இரண்டு வரி போதும், மீதியை உங்கள் இருப்பே சொல்லிவிடும். ஊர் தூரம், போக முடியாது என்றால் அந்தச் செய்திதான் உங்களுக்குப் பதிலாக அந்த வீட்டுக்குப் போகிறது, கொஞ்சம் கூடுதலாக யோசித்து எழுத வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போ, சாவுக்குக் கேள்விப்பட்டாலே போ என்பது நம் ஊர் வழக்கம், அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, போன் செய்வதா செய்தி அனுப்புவதா. அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தலுக்குச் சொல்ல வேண்டும், வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தகவல் போக வேண்டும், மயானத்துக்கோ கல்லறைக்கோ ஏற்பாடு செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் அழைப்பும் ஒன்று. எடுத்தால் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும், எடுக்காவிட்டால் பிறகு திருப்பிக் கூப்பிட வேண்டிய பாரம். மிக நெருக்கமானவர்களும், வண்டி எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்கக்கூடியவர்களும் போன் செய்யலாம். மற்றவர்கள் எழுதுங்கள். எழுதியதை அவர் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, தனியாக, தன் நேரத்தில் படித்துக்கொள்வார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் வீட்டில் அவரால் அதைப் போட்டுக் கேட்க முடியாது.

செய்தி தெரிந்த ஐந்தாவது நிமிடமே அனுப்ப வேண்டும் என்று இல்லை. அன்று இரவுக்குள் போனால் போதும், மறுநாள் காலையில் போனாலும் தவறில்லை.

குழுவில் ஒரு வரி, தனியாக நாலு வரி

குழுவில் எழுதுவது வேறு, தனியாக எழுதுவது வேறு. குழுவில் நீங்கள் அக்காவிடம் பேசுகிற மாதிரி இருந்தாலும் நாற்பது பேர் பார்க்கிறார்கள், அங்கே டிவிஎஸ் 50 கதையைச் சொன்னால் அது துக்கத்தைக் காட்சிக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். குழுவில் ஒரே வரி:

> அப்பா மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் அக்கா.

அவ்வளவுதான். பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அப்பா என்று சொல்லியிருக்கிறீர்கள், மேலே இருக்கும் முப்பது ‘ஆழ்ந்த இரங்கல்’களில் இருந்து இந்த அளவுக்கு விலகி நின்றால் போதும். வேறு யாரோ எழுதியதை அப்படியே ஃபார்வேர்டு செய்யாதீர்கள், ஃபார்வேர்டு என்ற குறி மேலே விழும். நிர்வாகத்திலிருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்திருந்தால் அதற்கு எல்லோருக்குமாகப் பதில் போடாதீர்கள், அவர் திரும்பி வந்து இன்பாக்ஸைத் திறக்கும் நாளில் அது அத்தனையும் அங்கே காத்திருக்கும்.

உண்மையான செய்தி தனியாகப் போவதுதான்.

செய்தியைக் கட்டுவது

தனிச் செய்திக்கு நாலு வேலை இருக்கிறது. செய்தி தெரிந்தது, வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் அப்பாவைப் பற்றியோ, அப்பாவுக்கும் அவருக்கும் இருந்த உறவைப் பற்றியோ உங்களுக்கு நேராகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவர் தலையில் இருக்கும் ஒரு பாரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். கடைசியாக, பதில் எழுத வேண்டிய கடமையிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவைப்பட்டால் எங்கோ கூடிப்போகிறது என்று அர்த்தம்.

முதல் முயற்சியில் பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்:

> வணக்கம் அக்கா. தங்கள் பாசமிகு தந்தையாரின் திடீர் மறைவுச் செய்தி அறிந்து ஆற்றொணாத் துயரமும் அதிர்ச்சியும் அடைந்தேன். அன்னாரை இழந்து வாடும் தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன். எப்படி ஆச்சு அக்கா? தைரியமாக இருங்கள், அம்மாவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்.

எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ‘பாசமிகு தந்தையார்’, ‘ஆற்றொணாத் துயரம்’, ‘அன்னார்’ எல்லாம் தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் தமிழ். தினமும் ‘அக்கா டீ குடிக்கப் போலாமா’ என்று எழுதுகிற நீங்கள் திடீரென்று இந்தத் தமிழுக்குத் தாவினால், செய்தி உங்களிடமிருந்து வந்த மாதிரியே இருக்காது. திடீர் மறைவா என்று உங்களுக்குத் தெரியாது, ஒரு வருடமாக அவர் ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கலாம். ‘எப்படி ஆச்சு’ என்று கேட்டதால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர் மேல் விழுந்துவிட்டது. ‘தைரியமாக இருங்கள்’, ‘அம்மாவை நீங்கள்தான்’ இரண்டும் அவரிடம் புதிதாக வேலை கொடுக்கின்றன. வீட்டில் வருகிற ஒவ்வொருவரும் அதையே சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள், அழ இடம் கொடுக்கிறவர்கள் குறைவு. ‘எந்த உதவி வேண்டுமானாலும்’ என்பதில் குறிப்பாக எந்த உதவியும் இல்லை, என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்பதும் அவர் வேலையாகிவிடுகிறது. இவ்வளவு எழுதியும் அந்த அப்பா எங்கேயும் இல்லை, அதுதான் பெரிய குறை. யார் அப்பாவுக்கும் இதை அனுப்பலாம்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்:

> அக்கா!!! கேட்டதும் கையும் ஓடல காலும் ஓடல. என் அப்பா போன மாதிரியே இருக்கு. அந்த மழை நாள்ல நனைஞ்சுகிட்டே கேட்டுல நின்னாரே, அந்த முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது, நேத்து ராத்திரி பூரா அழுதேன். இனி யாரு உங்களை அப்படி வந்து கூட்டிட்டுப் போவாங்க?

இதில் குறிப்பான விஷயம் இருக்கிறது, அளவு இல்லை. கேட்டில் நிற்கப் பார்த்ததோடு சரி என்ற ஒருவருக்காக ராத்திரி முழுவதும் அழுதேன் என்றால் அக்காவே நம்ப மாட்டார், நம்பினாலும் இப்போது அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை. கடைசிக் கேள்வி கத்தி மாதிரி இறங்கும். அவருடைய இழப்பை அவரை விடப் பெரிதாக நீங்கள் சொல்லக் கூடாது, உங்கள் வருத்தத்துக்கு எழுத்தில் ஒரு வாக்கியம் போதும்.

சரி, இப்போது நாலு வேலையையும் மட்டும் செய்வோம்:

> அக்கா, அப்பா தவறிட்டார்னு காலைல தெரிஞ்சது. ரொம்ப வருத்தமா இருக்கு. ஜிஎஸ்டி வாரத்துல எவ்வளவு லேட்டானாலும் நீங்க கீழ வர்ற வரைக்கும் வண்டியோட கேட்டுல நிப்பார், அதை நான் பல தடவை பார்த்திருக்கேன். 20-ஆம் தேதி ரிட்டர்னை நான் போட்டுடறேன், சார்கிட்டயும் சொல்லிட்டேன். பதில் போடணும்னு இல்லக்கா.

முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட்டது. போன் பூட்டியிருக்கும்போது மேலே தெரிகிற அந்த ஒரு வரியைப் பார்த்தாலே யார், எதற்கு என்று அவருக்குப் புரியும். ‘வணக்கம்’ இல்லை, அன்றைக்கு அந்த வார்த்தை வேண்டாம்.

கேட்டில் நிற்பதைப் பற்றிய வரியில் புகழ்ச்சி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘எவ்வளவு நல்ல மனுஷன்’, ‘தங்கமான அப்பா’ என்று ஒரு வார்த்தை கூட இல்லை. பார்த்ததை மட்டும் சொல்லியிருக்கிறது. பாசம் என்று நீங்கள் சொல்லாமலே அக்காவுக்கு அது தெரியும், அவரைத் தவிர இன்னொருவரும் அதைக் கவனித்திருக்கிறார் என்று தெரிவதுதான் அவருக்குக் கிடைப்பது. இந்த வரியை எழுதிவிட்டு ஒரு உரிச்சொல் சேர்க்கக் கை போகும், சேர்க்காதீர்கள்.

ரிட்டர்ன் வரி வேலையைப் பற்றியது என்பதால் சிலருக்கு இது இரங்கல் செய்தியில் எதற்கு என்று தோன்றலாம். எனக்கு இந்த வரி மிக முக்கியம். 14-ஆம் தேதி செய்தி வந்திருக்கிறது, 20-ஆம் தேதி கெடு. எவ்வளவு துக்கத்திலும் பழக்க தோஷத்தில் அந்தத் தேதி அவர் மனதில் ஓடும். ‘வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்க’ என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஓட்டம் நிற்காது, எது யாரால் முடிக்கப்படுகிறது என்று சொன்னால் நிற்கும். ஆனால் சொன்னதைச் செய்ய உங்களால் முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், மேலதிகாரியிடம் பேசிவிட்டுப் பிறகு எழுதுங்கள். ‘ஃபைல் எங்க வெச்சிருக்கீங்க’, ‘அந்த எக்செல் பாஸ்வேர்டு என்ன’ என்று இதே செய்தியில் கேட்டால் மேலே எழுதிய எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னுரை ஆகிவிடும். பாஸ்வேர்டு தெரியவில்லை என்றால் மேலதிகாரி வழியாகப் பார்க்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் கழித்துத் தனியாக ஒரு வரியில் கேட்கலாம்.

கடைசி வரிக்கு வருவோம். பலர் ‘டேக் கேர்’ என்றோ ‘சீக்கிரம் மீண்டு வாங்க’ என்றோ முடிப்பார்கள். பதில் வேண்டாம் என்று சொல்வது அதை விடப் பெரிய உதவி. சொல்லிவிட்டு, உண்மையிலேயே எதிர்பார்க்காமலும் இருங்கள். நீலக் குறி விழுந்து மூன்று நாளாகியும் ஒன்றும் வரவில்லை என்றால் அது சரியாகத்தான் போயிருக்கிறது.

அனுப்பும் முன் மூன்று பார்வை

உரையாடலை மேலே நகர்த்திப் பாருங்கள். அதில் உங்கள் கடைசிச் செய்தி சிரிப்பு ஸ்டிக்கராகவோ ‘அந்த பில் எங்கே’ என்பதாகவோ இருக்கலாம். அதை மாற்ற முடியாது, ஆனால் அதற்குக் கீழே உங்கள் இரங்கல் ஒரே ஒரு கைகூப்பும் படமாக மட்டும் நின்றால் எப்படி இருக்கும் என்று தெரியும். அடுத்து, எழுத்துப் பிழை. குரல் தட்டச்சில் சொன்னவர்கள் கட்டாயம் ஒரு முறை வாசியுங்கள், ‘தவறிட்டார்’ என்பது வேறு ஏதோ ஆகி வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் அழித்துவிட்டு மறுபடி போட்டால் அழித்ததன் குறி அங்கேயே நிற்கும், அந்த வீட்டில் இருப்பவருக்கு என்னத்தை அழித்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். கடைசியாக வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். நீங்கள் அக்காவிடம் நேரில் சொல்லக் கூசும் வார்த்தை எதுவோ அதை எடுத்துவிடுங்கள்.

எந்தத் தமிழ், எந்தச் சாமி

அவரோடு வழக்கமாக எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள். தங்கிலீஷில்தான் எப்போதும் பேசுவீர்கள் என்றால் அதிலேயே எழுதலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ‘நீ, வா, போ’ என்று பழகியவரிடம் திடீரென்று ‘தாங்கள்’ போடுவது தள்ளி நிற்பது மாதிரி. ‘சார்’ என்று கூப்பிடுகிறவரிடம் மட்டும் கொஞ்சம் எழுத்துத் தமிழ் பொருந்தும், அப்போதும் ‘உங்கள் அப்பா’ என்பது ‘தங்கள் தந்தையார்’ என்பதை விட நெருக்கமாகவே இருக்கும். வயதில் மிகவும் மூத்தவர், பழக்கம் குறைவு என்றால் ‘உங்கள் தந்தையார்’ சரி.

மத விஷயத்தில் நம் கைக்குப் பழக்கமான வாக்கியம் ‘ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன்’. இதை எல்லோருக்கும் போடலாம் என்று நினைக்கிறோம். கிறிஸ்தவர்களிலேயே கத்தோலிக்கர்கள் இறந்தவருக்காக ஜெபிப்பார்கள், புராட்டஸ்டண்ட் சபைகளில் பொதுவாக இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை, குடும்பத்தின் ஆறுதலுக்காகத்தான் ஜெபிப்பார்கள். இஸ்லாமியர்கள் தங்களுக்குள் ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்பார்கள், அடக்கமும் சீக்கிரமே, பெரும்பாலும் அன்றைக்கே நடந்துவிடும். பகுத்தறிவு வழியில் இருக்கும் குடும்பம் என்றால் ‘இயற்கை எய்தினார்’ என்று அவர்களே எழுதியிருப்பார்கள், அங்கே ‘இறைவனடி’ பொருந்தாது. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சாமியை இறந்தவர் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பவர்கள் பக்கம் வையுங்கள்: ‘உங்களையும் அம்மாவையும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்’ என்றால் எந்த வீட்டிலும் பொருந்தும். பிரார்த்தனை என்ற சொல் இல்லாமல் உங்களுக்கு முடியாது என்றால் ‘உங்க எல்லாருக்காகவும் வேண்டிக்கிறேன்’. அவர்கள் வீட்டு அறிவிப்பில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பார்த்து அதையே எடுத்துக்கொள்வதும் நல்ல வழி.

எழுதவே கூடாத ஆறுதல்கள்

‘எண்பது வயசு ஆயிடுச்சு, நல்ல சாவு’. கல்யாணச் சாவு என்று ஊரில் சொல்வார்கள்தான், பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுப் போனவருக்கு மேளம் வைத்து அனுப்புவார்கள்தான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கு. அக்கா அப்படிச் சொன்னால் ‘ஆமாக்கா’ என்று கேட்டுக்கொள்ளலாம், நீங்கள் ஆரம்பிக்கக் கூடாது. ‘கஷ்டப்படாமப் போயிட்டார்’ என்பதும் அப்படித்தான், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

‘எனக்கும் இதே மாதிரிதான், எங்க அப்பா போனப்ப…’ என்று ஆரம்பித்தால் செய்தி உங்கள் கதையாகிவிடும். உங்களுக்கும் அப்பா இல்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாது என்றால், அவர் திரும்பி வந்து ஒரு நாள் அவராகப் பேசும்போது சொல்லுங்கள். ‘இனி நீதான் வீட்டுக்கு அப்பா’ என்று கொள்ளி வைத்த மகனிடம் சொல்வார்கள், அவன் அன்றைக்குத்தான் அப்பாவை இழந்திருக்கிறான், அன்றைக்கே அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள்.

உறவு மாறினால் செய்தியும் மாறும்

அப்பாவைப் பார்த்ததே இல்லை என்றால் இல்லாத நினைவை உருவாக்காதீர்கள். அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னது ஏதாவது இருக்கும், அதைச் சொல்லலாம்: ‘உங்க வீட்டு ஊறுகாய் அப்பா போட்டதுன்னு சொல்வீங்களே, அதான் ஞாபகம் வந்தது’. அதுவும் இல்லை என்றால் இரண்டாவது வேலையை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் செய்யுங்கள். மூன்று வரி உண்மையாக இருந்தால் போதும்.

நீங்கள் அவருக்கு மேலதிகாரி என்றால் உங்கள் செய்தியில் லீவு ஏற்கெனவே பேசி முடித்த விஷயமாக இருக்க வேண்டும். ‘எப்ப வருவீங்க’ என்ற தொனி துளிகூட வரக் கூடாது:

> அப்பா மறைவுக்கு ரொம்ப வருந்தறேன்மா. காரியம் முடியற வரைக்கும் லீவு போட்டாச்சு, லெட்டர் எல்லாம் வந்து குடுத்துக்கலாம். உங்க வேலையை இங்க பிரிச்சுக் குடுத்துட்டேன்.

சில ஊழியர்களுக்கு அப்பாவோடு பேச்சுவார்த்தை இருந்திருக்காது, குடி, சண்டை, பழைய காயம் என்று நமக்குத் தெரிந்தும் இருக்கலாம். அங்கே அப்பாவைப் புகழ்ந்தால் பொய், குறை சொன்னால் கொடுமை. இறந்தவரைப் பற்றி எதுவும் சொல்லாமல் உயிரோடு இருப்பவரிடம் மட்டும் பேசுங்கள்: ‘கேள்விப்பட்டேன். உங்களுக்கு இந்த நாள் எப்படி இருக்கும்னு தெரியல, ஆனா உங்களை நினைச்சுக்கிட்டு இருக்கேன்’. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவர் விமானம் பிடித்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்றால் ‘கடைசியா முகம் பார்க்க முடியாமப் போச்சே’ என்பதை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, அவர் வேறு எதையும் நினைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. அவரிடம் ‘பேசணும்னு தோணினா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க, முழிச்சுட்டுத்தான் இருப்பேன்’ என்று சொல்லலாம், ஏனென்றால் சுற்றிலும் சொந்தம் இல்லாத ஊரில் அவர் தனியாக இருக்கிறார், இங்கே மட்டும் அழைப்பு செய்தியை விட நல்லது.

இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது என்றாலும் எழுதுங்கள். தாமதத்துக்குக் காரணம் அடுக்க வேண்டாம், ‘இப்பத்தான் தெரிஞ்சது’ என்ற இரண்டு சொல் போதும். மற்ற எல்லோரும் எழுதி முடித்து போன் அமைதியான பிறகு வரும் செய்தி பல நேரம் நன்றாகவே போய்ச் சேரும்.

அதற்கப்புறம்

காரியம் பதினாறாம் நாளா, பத்தாம் நாளா, பதின்மூன்றாம் நாளா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், ஈழத்துக் குடும்பங்களில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி. எந்த நாள் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் முந்தின நாள் ஒரு வரி: ‘நாளைக்குக் காரியம்னு தெரியும்கா, நினைச்சுக்கறேன்’. நேரில் போனால் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லும் வழக்கம் துக்க வீட்டில் இல்லை, தலையசைத்துவிட்டுக் கிளம்பலாம்.

அக்கா வேலைக்குத் திரும்பும் அன்று காலை, இருக்கையைச் சுற்றி எல்லோரும் கூடி மறுபடி துக்கம் விசாரிப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதியாயிற்று, அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை. ரிட்டர்ன் போட்டதற்கான ரசீதை அவர் மேஜையில் வைத்துவிடுங்கள், எதில் சந்தேகம் வந்தது, எதை அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி அதன் மேல் ஒட்டுங்கள். பதினொரு மணிக்கு வழக்கம் போல டீக்குக் கூப்பிடுங்கள். அவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேளுங்கள், ஜிஎஸ்டியைப் பற்றிப் பேசினால் அதைப் பேசுங்கள். அடுத்த மாதம் 20-ஆம் தேதி நெருங்கி, வேலை முடிய இரவாகும்போது, எப்படி வீட்டுக்குப் போகிறார் என்று மட்டும் கேட்டுவையுங்கள்.